காதல், கேண்மை, பாசம், அன்பு: கிரேக்கச் சொற்களைத் தமிழில் கலக்காமல் மொழிபெயர்ப்பது எப்படி

ஒரு பட்டியலை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எரோஸ் என்றால் காதல், ஃபிலியா என்றால் நட்பு, ஸ்டோர்கே என்றால் பாசம், அகாபே என்றால் தெய்விக அன்பு. நான்கு சொல், நான்கு பொருள். படிக்கும்போது தெளிவாகத்தான் இருக்கும். அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அரிஸ்டாட்டிலின் நிக்கோமாக்கிய அறவியலைத் திறந்தால், எட்டாம் நூலின் தொடக்கத்திலேயே சிக்கல் வந்துவிடும். பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இடையில் இயல்பாகவே ஃபிலியா இருக்கிறது, பறவைகளிடமும் விலங்குகளிடமும்கூட அது உண்டு என்கிறார் அவர். பட்டியலின்படி பார்த்தால் தாய்ப்பறவைக்கும் குஞ்சுக்கும் நட்பு! தமிழில் அப்படி யாரும் சொல்ல மாட்டோம்.

இந்த நான்கின் தொகுப்பு பரவலாகத் தெரியவந்தது சி. எஸ். லூயிஸ் 1960-இல் வெளியிட்ட ஆங்கில நூலால். அவர் நான்கு வகை அன்பைப் பற்றித் தம் கருத்தைச் சொன்னார், அதற்குக் கிரேக்கப் பெயர்களை எடுத்துக்கொண்டார். பழைய கிரேக்கர்கள் தங்கள் சொற்களை இப்படி நான்கு பெட்டிகளில் பிரித்து வைத்துப் பேசவில்லை. ஆனாலும் சொற்களுக்குள் வேறுபாடு இருக்கிறது, அதைத் தமிழில் காப்பாற்றவும் முடியும். எந்தச் சொல் எந்த வாக்கியத்தில் என்ன வேலை செய்கிறது என்று பார்த்துப் பார்த்துச் செய்ய வேண்டும். அதற்கான வழியைத்தான் கீழே படிப்படியாக எழுதுகிறேன்.

முதல் படி: சொல்லைப் பார்க்கும் முன் உறவைக் குறித்துக்கொள்ளுங்கள்

கிரேக்கச் சொல் வரும் ஒவ்வொரு இடத்துக்கும் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். யார் யாரிடம் அன்பு கொள்கிறார்? அந்தப் பக்கத்திலிருந்தும் திரும்ப வருகிறதா? இது இல்லாததைத் தேடும் உணர்ச்சியா, இருப்பவருக்கு நல்லது நினைக்கும் மனமா? இந்தக் கேள்விகளை நான் சும்மா சொல்லவில்லை. கிரேக்கச் சொற்கள் பிரிவது பெரும்பாலும் இந்த இடங்களில்தான். உடல் சார்ந்ததா, புனிதமா என்ற கோடு இரண்டாம்பட்சம்.

இரண்டாம் படி: எரோஸ் – முதலில் பசியைப் பாருங்கள்

ஹோமரின் காவியங்களில் விருந்து முடியும் இடத்தில் ஒரு வரி திரும்பத் திரும்ப வரும். உண்பதிலும் குடிப்பதிலும் உள்ள எரோஸைத் தீர்த்துக்கொண்ட பிறகு அவர்கள் பேசத் தொடங்கினார்கள் என்று. சோற்றுக்கும் மதுவுக்கும் அதே சொல். அங்கே காதல் என்று போட முடியாது. ஆனால் தமிழில் நீர்வேட்கை என்ற சொல் இருக்கிறது, தாகம் என்ற பொருளில். அந்த வேட்கைதான் எரோஸின் அடித்தளம். உள்ளே ஒரு குறை, அதை நிரப்பத் துடிப்பது.

பிளேட்டோவின் விருந்து உரையாடலில் சாக்ரடீஸ் இதையே வாதமாக்குகிறார். எரோஸ் எதையாவது விரும்புகிறது என்றால், விரும்பும் அந்தப் பொருள் அதனிடம் இல்லை என்றுதானே அர்த்தம்? பிறகு, காதலைப் பற்றித் தனக்குக் கற்பித்தவர் என்று அவர் சொல்லும் தியோத்திமா என்ற பெண்ணின் கதையில் எரோஸ் தேவன் வறுமையின் மகனாகவே வருகிறான். தாய் பெயர் பேனியா, அதாவது வறுமை. தந்தை போரோஸ், வழிவகை. வாசலில் படுத்து உறங்கும், செருப்பில்லாத, எப்போதும் தேவையோடு அலையும் பிள்ளை.

இங்கே தமிழில் மூன்று சொற்கள் போட்டி போடும். காமம் பழந்தமிழில் நல்ல சொல், வள்ளுவர் ஒரு பாலுக்கே அந்தப் பெயர் வைத்தார். காமன் என்ற தேவனும் காமம் என்ற உணர்ச்சியும் ஒரே வேரில் நிற்பது, எரோஸ் தேவனும் எரோஸ் உணர்ச்சியும் ஒரே சொல்லாக இருப்பதற்கு மிகவும் நெருக்கம். ஆனால் இன்றைய வாசகர் காமம் என்று படித்ததும் இழிவான பொருளுக்குப் போய்விடுவார். தியோத்திமா அழகிய உடலில் தொடங்கி அழகிய செயல்கள், அறிவு என்று ஏறிப் போகும்போது அந்தச் சொல் கூடவே ஏறாது. காதல் நல்ல சொல்தான், ஆனால் அதில் குறை என்ற ஒலி இல்லை, ஹோமரின் சோற்றுக்கும் பொருந்தாது. ஆகவே வாதம் குறையைப் பற்றியது என்றால் வேட்கை. இருவருக்கு இடையிலான கதை என்றால் காதல். காமம் என்பதை உடலின் விருப்பம் மட்டும் பேசப்படும் இடத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

எரோஸில் இன்னொரு விஷயம், அது ஒருபக்கமாக இருந்தாலும் எரோஸ்தான். கிரேக்கத்தில் காதலிப்பவருக்கு ஒரு பெயர், காதலிக்கப்படுபவருக்கு வேறு பெயர். காதலிக்கப்படும் இளைஞனுக்குள் பதிலுக்கு எழும் உணர்ச்சியைப் பிளேட்டோ ஃபைட்ரஸ் உரையாடலில் அந்தெரோஸ் என்கிறார். அந்த வாக்கியத்தை நான் இப்படி மொழிபெயர்ப்பேன்: "காதலின் நிழலுருவான எதிர்க்காதல் அவனுக்குள் இருக்கிறது. ஆனால் அவன் அதைக் காதல் என்று சொல்வதுமில்லை, நினைப்பதுமில்லை. நட்பு என்கிறான்." நட்பு என்று வரும் இடத்தில் கிரேக்கத்தில் ஃபிலியா. இங்கே அதை அன்பு என்று போட்டிருந்தால் வாக்கியமே செத்துப்போயிருக்கும். நட்பாகத்தான் பழகுகிறேன் என்று சொல்லிக்கொள்பவரைத் தமிழ் வாசகர் உடனே அடையாளம் கண்டுகொள்வார். பிளேட்டோ சொன்னதும் அந்த ஆளைத்தான்.

எரோஸின் அருகில் இன்னும் இரண்டு சொற்கள் நிற்கும். ஹீமெரோஸ் எதிரில் இருப்பதன் மேல் எழும் ஆசை, பொதோஸ் இங்கே இல்லாததற்கான ஏக்கம். இதைப் பிளேட்டோவே வேறொரு உரையாடலில் பிரித்துச் சொல்கிறார். ஆசை, ஏக்கம் என்று போட்டால் போதும். தமிழில் இந்தக் கோடு தானாகவே விழும்.

மூன்றாம் படி: ஃபிலியா – நட்பு போதாத இடத்தில் கேண்மை

மொழிபெயர்ப்பாளரை அதிகம் சோதிப்பது இந்தச் சொல்தான். அரிஸ்டாட்டிலின் ஃபிலியாவில் தாயும் பிள்ளையும் உண்டு, கணவனும் மனைவியும் உண்டு, ஒரே கப்பலில் போகிறவர்களும் போர்த்தோழர்களும் உண்டு, வாங்குபவனும் விற்பவனும்கூட உண்டு. ஃபிலோஸ் என்ற கிரேக்கச் சொல்லே நண்பனையும் சுற்றத்தானையும் சேர்த்துக் குறிக்கும்.

தமிழில் இதே அகலத்தோடு ஒரு பழைய சொல் இருக்கிறது. கேள். உறவினனும் கேள், நண்பனும் கேள். யாவரும் கேளிர் என்ற கணியன் பூங்குன்றனாரின் வரியால் அது இன்றும் எல்லோருக்கும் தெரியும். அதிலிருந்து வந்தது கேண்மை. அரிஸ்டாட்டிலின் எட்டாம், ஒன்பதாம் நூல்களை மொழிபெயர்ப்பவர், முதல் பக்கத்திலேயே கேண்மை என்பது இங்கே உறவையும் நட்பையும் சேர்த்துச் சொல்கிறது என்று ஒரு வரி எழுதிவிட்டு, கடைசிவரை அதையே பயன்படுத்தலாம். இருவர் தாமே தேர்ந்துகொண்ட தோழமை மட்டும் பேசப்படும் பகுதியில் நட்பு என்று இறங்கலாம், ஆனால் ஒரே பத்திக்குள் மாறி மாறிப் போடக்கூடாது.

அடுத்து, ஃபிலியாவையும் வெறும் விருப்பத்தையும் பிரிக்க வேண்டும். இதற்கு அரிஸ்டாட்டில் தரும் உதாரணம் மது. ஒருவருக்கு மது பிடிக்கும், ஆனால் மதுவோடு ஃபிலியா கிடையாது. மது அவரைத் திரும்ப விரும்பாது, அவரும் மதுவுக்கு நல்லது நினைக்க மாட்டார். மிஞ்சிப்போனால், நமக்குக் குடிக்கக் கிடைக்க வேண்டுமே என்பதற்காக அது கெடாமல் இருக்கட்டும் என்று நினைப்பார். இப்படி உயிரற்றதன் மேல் வரும் உணர்ச்சிக்கு ஃபிலேசிஸ் என்று தனிச் சொல் வைக்கிறார். அதற்குப் பிரியம் பொருத்தம். காபி பிரியர் என்கிறோம், காபியின் நண்பர் என்பதில்லை. இருவருமே ஒருவருக்கொருவர் நல்லது நினைத்து, அது இருவருக்கும் தெரிந்தும் இருந்தால்தான் கேண்மை. ஒருவர் மட்டும், மற்றவருக்குத் தெரியாமலே நல்லது நினைத்தால் அது எயுனோயா, நல்லெண்ணம்.

பயனுக்காக, இன்பத்துக்காக, நற்குணத்துக்காக என்று அவர் மூன்று வகை சொல்வது பலருக்கும் தெரியும். இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. முதல் வகையைச் சுயநல நட்பு என்று மொழிபெயர்த்துவிடுகிறார்கள். அரிஸ்டாட்டில் அதைத் தீநட்பாகப் பார்க்கவில்லை, எளிதில் கலைந்துபோவது என்றுதான் சொல்கிறார். பயன் கருதிய கேண்மை என்றால் போதும். கண்டனம் நாமாகச் சேர்த்துவிடக்கூடாது.

உப்பைப் பற்றிய ஒரு பழமொழியையும் இதே பகுதியில் எடுத்துக்காட்டுகிறார். சேர்ந்து உப்புத் தின்னும்வரை ஒருவரை ஒருவர் அறிய முடியாது என்று. தமிழ்க் கை உடனே உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பதற்குப் போகும். போக விடாதீர்கள். நம் பழமொழி நன்றியைப் பற்றியது, கிரேக்கப் பழமொழி காலத்தைப் பற்றியது. எத்தனையோ வேளைச் சாப்பாட்டில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும் உப்பு அது. "பல நாள் கூடி உண்டு, அத்தனை உப்பும் தீர்ந்த பிறகே" என்று காலத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது.

நான்காம் படி: ஸ்டோர்கே – பாசம், ஒரே ஒரு எச்சரிக்கையோடு

இது எளிது. பெற்றவர் பிள்ளையிடம் வைப்பது, பிள்ளை பெற்றவரிடம் வைப்பது, கூடவே வளர்ந்த பழக்கத்தில் ஊறி வருவது, எல்லாம் பாசம்தான். இதில் நாம் கொடுத்துவைத்தவர்கள். ஃபிலோஸ்டோர்கியா என்ற கிரேக்கச் சொல்லுக்கு இலத்தீனில் பெயரே இல்லை, அந்தக் குணம் ரோமில் இல்லாததால்தான் பெயரும் இல்லை போலும் என்று மார்க்கஸ் அரேலியஸின் ஆசிரியர் ஃபிரோண்டோ ஒரு கடிதத்தில் எழுதினார். தமிழில் தேட வேண்டியதே இல்லை.

புதிய ஏற்பாட்டில் ஸ்டோர்கே தனியாக வராது. அஸ்டோர்கோஸ், அதாவது ஸ்டோர்கே அற்றவர் என்ற எதிர்மறை வடிவம் ரோமர் 1:31-இலும் 2 தீமோத்தேயு 3:3-இலும் வருகிறது. பழைய தமிழ் வேதாகமம் அதைச் சுபாவ அன்பில்லாதவர்கள் என்றது. பொருள் சரி, ஆனால் நீளம். பாசமற்றவர்கள் என்றால் ஒரே அடியில் விழும். எச்சரிக்கை என்னவென்றால், சைவ சித்தாந்தத்தில் பாசம் என்பது உயிரைக் கட்டும் தளை. வாசகர்கள் அந்த மரபில் ஊறியவர்கள் என்றால் பெற்ற பாசம், பிள்ளைப் பாசம் என்று முன்னால் ஒரு சொல் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: அகாபேயிலிருந்து ஒளிவட்டத்தை எடுத்துவிடுங்கள்

அகாபே என்றால் எதையும் எதிர்பாராத தெய்விக அன்பு என்று மேடைகளில் கேட்டிருப்போம். சொல்லுக்குள்ளேயே அந்தப் பொருள் இல்லை. எபிரேய வேதத்தின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில், தாமாரைக் கெடுத்த, தாவீது அரசனின் மகன் அம்னோன் அவள்மேல் முன்பு வைத்திருந்ததற்கும் அகாபே என்ற சொல்தான். பவுலை விட்டுப் போன தேமா இந்த உலகத்தின்மேல் வைத்ததும் அதே வினைதான். அந்த 2 தீமோத்தேயு 4:10-ஐப் பழைய தமிழ் வேதாகமம் "தேமா இப்பிரபஞ்சத்தின்மேல் ஆசைவைத்து" என்று மொழிபெயர்த்தது. சரியான முடிவு. அங்கே அன்பு என்றால் தமிழ் வாசகர் தடுமாறுவார்.

அகாபேக்கு உயரம் கிடைப்பது அது யாரை நோக்கிப் போகிறது, என்ன செய்கிறது என்பதால். கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் 13-ஆம் அதிகாரம் அதை வினைகளால் நிரப்பிக் காட்டுகிறது. ஆகவே இயல்பான சொல் அன்பு.

சிலர் அருள் என்று போட விரும்புவார்கள். காரணம் இல்லாமல் இல்லை. பரிமேலழகர் உரையில் அன்பு தொடர்புடையவர்களிடம் செல்வது, அருள் தொடர்பு பாராமல் எல்லா உயிர்மேலும் செல்வது. அருளை அன்பு ஈன்ற குழந்தை என்று குறளும் சொல்கிறது. பகைவரிடமும் அகாபே வை என்ற கட்டளைக்கு இது அழகாகப் பொருந்துவதுபோல் தோன்றும். ஆனால் அருள் மேலிருந்து கீழே பாய்வது. மனிதன் கடவுளிடம் முழு இருதயத்தோடும் அகாபே கொள்ள வேண்டும் என்ற கட்டளையும் அதே வினைச்சொல்லில் இருக்கிறது. கடவுளுக்கு மனிதன் அருள முடியாது. இரண்டு கட்டளைக்கும் ஒரே சொல் வேண்டும் என்றால் அன்புதான் தாங்கும்.

ஆறாம் படி: பெயர்ச்சொல் முடிந்தது, வினையையும் வேற்றுமையையும் பாருங்கள்

நேசி, காதலி என்பவை நேரடி வினைகள். அன்புக்கு அப்படி ஒரு வினை இன்றைய தமிழில் இல்லை. அன்புகூர், அன்பு செலுத்து, அன்பாயிரு என்று இரண்டு சொல் சேர வேண்டும். அதோடு உருபும் மாறும், என்னை நேசி, என்னிடம் அன்பாயிரு. இது குறைபோல் தெரியும். ஆனால் யோவான் 21-இல் இதுவே கை கொடுக்கிறது.

காட்சி தெரிந்ததுதான். கடற்கரை, காலை உணவு முடிந்திருக்கிறது. மூன்று முறை மறுதலித்த பேதுருவிடம் இயேசு மூன்று முறை கேட்கிறார். கிரேக்கத்தில் முதல் இரண்டு கேள்வியில் வருவது அகாபாவோ என்ற வினை. பேதுருவின் மூன்று பதிலிலும் ஃபிலேயோ. மூன்றாம் கேள்வியில் இயேசுவும் ஃபிலேயோவுக்கு மாறுகிறார். பழைய தமிழ் வேதாகமம் இதைக் காப்பாற்றியிருக்கிறது. முதல் இரண்டு கேள்வி "நீ என்னிடத்தில் அன்பாயிருக்கிறாயா". பதில் "உம்மை நேசிக்கிறேன் என்பதை நீர் அறிவீர்". மூன்றாவது கேள்வி "நீ என்னை நேசிக்கிறாயா". சத்தமாக வாசித்துப் பாருங்கள். என்னிடத்தில் என்பது என்னை என்று மாறும்போது கேள்வி நெருங்கி வருவது காதில் விழுகிறது.

நேசி என்ற தேர்வுக்கும் ஒரு பலம் உண்டு. ஃபிலேயோவும் ஃபிலோஸும் கிரேக்கத்தில் ஒரே குடும்பம். நேசமும் சிநேகிதனும் அப்படியே உறவுடைய சொற்கள். யோவான் 15:15-இல் உங்களைச் சிநேகிதர் என்றேன் என்று படித்த வாசகருக்கு 21-இல் நேசிக்கிறேன் என்பது அந்தப் பக்கத்திலிருந்து வருவதாகவே கேட்கும்.

இங்கேதான் நிதானம் வேண்டும். இயேசு உயர்ந்த அன்பைக் கேட்டார், பேதுருவால் தாழ்ந்த நேசத்தைத்தான் தர முடிந்தது, கடைசியில் இயேசு இறங்கி வந்தார் என்று பிரசங்கம் செய்வார்கள். கேட்க உருக்கமாக இருக்கும், ஆனால் இந்த நற்செய்தியே அதற்கு இடம் கொடுக்கவில்லை. தந்தை மகனிடம் வைத்த அன்புக்கு 3:35-இல் அகாபாவோ, 5:20-இல் ஃபிலேயோ. தந்தையின் அன்பு இரண்டு அதிகாரத்துக்குள் தாழ்ந்துவிட்டது என்று யாரும் சொல்ல மாட்டோம். 15:13-இல் சிநேகிதருக்காக உயிர் கொடுப்பதுதான் அகாபேயின் உச்சம். இந்தக் கடற்கரைப் பேச்சிலேயே மற்றச் சொற்களும் மாறுகின்றன. ஆட்டுக்குட்டி என்பது ஆடாகிறது, மேய்ப்பதற்கும் அறிவதற்கும் இரண்டிரண்டு வினைகள் வருகின்றன. சொல்லை மாற்றி மாற்றிப் போடுவது யோவானின் பழக்கம் என்பதுதான் இன்று பெரும்பாலான அறிஞர்களின் கருத்து, எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. பேதுரு வருந்தியது மூன்றாந்தரம் கேட்டதற்காக என்று வசனமும் சொல்கிறது.

அப்படியானால் இரண்டு சொல் எதற்கு? மூலத்தில் இரண்டு இருப்பதால். சமமான எடையுள்ள இரண்டு தமிழ்ச் சொற்களைப் போட்டுவிட்டு, முடிவை வாசகருக்கு விட்டுவிட வேண்டும். நேசம் அன்பைவிடத் தாழ்ந்தது என்று எந்தத் தமிழருக்கும் தோன்றாது. தூய அன்பு, வெறும் நட்பு என்று அடைமொழி சேர்த்தால் மொழிபெயர்ப்பவரே தீர்ப்பு எழுதிவிடுகிறார்.

ஏழாம் படி: திரும்பச் சரிபார்ப்பது

வரைவு முடிந்ததும் ஒரு தாளில் மூன்று நெடுவரிசை போடுங்கள். கிரேக்கச் சொல், வரும் இடம், நீங்கள் போட்ட தமிழ்ச் சொல். ஒரே கிரேக்கச் சொல்லுக்கு இரண்டு தமிழ்ச் சொல் வந்திருந்தால் அது பிழை என்று உடனே முடிவுகட்டாதீர்கள். ஃபிலேயோ என்ற வினைக்கு முத்தமிடு என்ற பொருளும் உண்டு, யூதாஸ் காட்டிக்கொடுக்கும் இடத்தில் அதுதான். தெருமுனைகளில் நின்று ஜெபிப்பதை வேஷக்காரர் விரும்புகிறார்கள் என்ற இடத்திலும் அதே வினை. இந்த இரண்டு இடத்திலும் நேசி என்று போட்டால் கேலிக்கூத்தாகும். இப்படி வேறுபடும் ஒவ்வொன்றுக்கும் எதிரே காரணம் எழுத முடிய வேண்டும், அவ்வளவுதான்.

காரணம் எழுத முடியாத இடம்தான் உண்மையான சறுக்கல். பழைய வேதாகமத்திலேயே ஒன்று இருக்கிறது. மத்தேயு 5:44 "உங்கள் சத்துருக்களைச் சிநேகியுங்கள்" என்கிறது. கிரேக்கத்தில் அங்கே அகாபாவோ. மத்தேயு 22-இல் பிறனிடத்தில் அன்புகூரச் சொல்லும் இடத்திலும் அதே வினைதான், ஆனால் தமிழில் இரண்டும் ஒரே கட்டளையின் நீட்சி என்று தெரிவதில்லை. சிநேகி என்பது யோவானில் ஃபிலேயோவின் குடும்பத்துக்கு ஒதுக்கிய சொல் வேறு. "உங்கள் பகைவரிடத்தில் அன்புகூருங்கள்" என்று திருத்தினால் இரண்டு வசனமும் ஒன்றையொன்று தொடும்.

அப்புறம், எதிர்த்திசைச் சோதனை. கிரேக்கம் தெரியாத ஒருவரிடம் தமிழை மட்டும் கொடுத்து, இந்தப் பக்கத்தில் அன்பைக் குறிக்கும் சொற்கள் எத்தனை, எங்கெங்கே மாறுகின்றன என்று கோடு போடச் சொல்லுங்கள். ஃபைட்ரஸ் வாக்கியத்தில் அவர் காதல், எதிர்க்காதல், நட்பு மூன்றையும் தனித்தனியே கோடிட வேண்டும். யோவான் 21-இல் மூன்றாம் கேள்விக்கு முன்னால் பென்சில் நிற்க வேண்டும். பென்சில் நிற்காமல் ஓடிவிட்டால், அந்த வரிக்குத் திரும்பிப் போய் உருபை மாற்றிப் பாருங்கள். பல நேரம் சொல்லை மாற்ற வேண்டியிருக்காது.